இரவு பத்து மணிக்கு வரும் வெயில்

மே மாதம், இரவு பத்து மணி. சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. மொட்டை மாடிக்குப் போனால் கடற்காற்று வீசுகிறது. ஆனால் வீட்டின் மேற்குப் பக்கப் படுக்கையறையில் படுக்க முடியவில்லை. மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் அது சூட்டைத்தான் அள்ளிப் போடுகிறது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சுவர் கதகதவென்று இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு இதே அறை இவ்வளவு மோசமாக இல்லை. வெயில் உச்சத்தில் இருந்தபோது தாங்கிய அறை, வெயிலே இல்லாத நேரத்தில் ஏன் கொதிக்கிறது?

சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரை ஊர்களிலும் குறுகலான மனையில் வீடு கட்டியவர்கள் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “மேற்குப் பார்த்த மனை, அப்படித்தான் இருக்கும்.” இந்தப் பதிலில் பாதி சரி. இன்னொரு பாதி, மனையை வாங்கும்போதும் பிளான் போடும்போதும் பலரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. மனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு வர, முதலில் சுவரிலிருந்து தொடங்குவோம்.

சுவர் வாங்கி வைக்கும் வெப்பம்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் வெயில் பட்டதும் சூடாகிவிடும். அந்தச் சூடு உள்பக்கம் வந்துசேர நேரம் பிடிக்கும். செங்கல்லின் ஒவ்வொரு அடுக்கும் தான் சூடானபிறகுதான் அடுத்த அடுக்குக்கு வெப்பத்தைத் தரும். இப்படி வெளிமுகத்தின் உச்சச் சூடு உள்முகத்தை எட்ட ஆகும் நேரத்தை ‘வெப்பத் தாமதம்’ என்று அழைப்போம். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு இது ஏறக்குறைய ஆறு ஏழு மணி நேரம். மேற்குச் சுவரில் வெயில் மிகக் கடுமையாக விழுவது மாலை நான்கு மணியளவில். நான்கோடு ஆறைக் கூட்டினால் இரவு பத்து. படுக்கையறையில் அந்த நேரத்தில் நாம் உணர்வது மாலை நான்கு மணி வெயிலைத்தான்.

காலை வெயில் ஏன் இப்படிப் படுத்துவதில்லை? கிழக்குச் சுவரில் காலை எட்டு மணிக்கு விழும் வெயிலும் மேற்குச் சுவரில் மாலை நான்கு மணிக்கு விழும் வெயிலும் அளவில் கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் எல்லாம் அந்த நேரத்துக் காற்றில் இருக்கிறது. காலையில் இரவெல்லாம் ஆறிய சுவரின் மீது, ஓரளவு குளிர்ந்த காற்றின் நடுவே வெயில் விழுகிறது. மாலையில் காற்றே 37 டிகிரியில் இருக்கும்போது, ஏற்கெனவே சூடேறிய சுவரின் மீது விழுகிறது. தெளிந்த மே மாத நாளில் நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் சுமார் 500 வாட் விழும். நடுத்தரமான நிறம் பூசிய சுவர் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சுவருக்கு வெளியே இருப்பது 37 டிகிரிக் காற்று அல்ல, 52 டிகிரிக் காற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை சரியாக வரும். நல்ல வெள்ளை பூசினால் இந்த 52 என்பது 45-க்கு அருகில் வந்துவிடும்.

வறண்ட ஊர்களில் இந்தத் தாமதம் நன்மை செய்யும். அங்கே இரவில் வெப்பநிலை சடசடவென்று இறங்கும். தடித்த சுவர் பகலில் வாங்கியதை இரவில் வெளியே விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்து நிற்கும். சென்னையில் மே மாத இரவுகளில் வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. காற்றில் ஈரப்பதமும் அதிகம் என்பதால் தரையும் சுவரும் வானத்தை நோக்கி வெப்பத்தை விடுவதும் மந்தமாகிறது. சுவர் ஆறி முடிப்பதற்குள் அடுத்த நாள் வெயில் வந்துவிடும். ஆகவே ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊரில், சுவரின் மீது விழுந்த வெயிலை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பதைவிட, அது விழாமலே பார்த்துக்கொள்வதுதான் பலன் தரும்.

மே மாதச் சூரியன் போகும் வழி

சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 25-ஐ ஒட்டிய ஒரு நாளில் நண்பகல் சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வரும். அதன்பின் ஆகஸ்ட் 17 வாக்கில்தான் மறுபடியும் தலைக்கு மேலே வரும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் சூரியன் உதிப்பது, உச்சிக்கு வருவது, மறைவது எல்லாமே நமக்கு வடக்குப் பக்கத்தில் நடக்கும். அதாவது, கத்திரி வெயில் உட்பட நம் கொடுங்கோடை முழுவதும் தெற்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. தெற்குப் பக்கம் வெயில் அடிப்பது குளிர்காலத்தில்தான்.

மே மாத நடுவில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அது பக்கவாட்டில் அநேகமாக நகர்வதே இல்லை. நேர் மேற்கிலிருந்து சுமார் 15 டிகிரி வடக்கே தள்ளி நின்றபடி, செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. திசை ஒன்றே, உயரம் மட்டும் குறைகிறது. இது நமக்கு வசதி. மேற்கிலிருந்து வரும் வெயிலை அளக்க ஒரே ஓர் எண் போதும்.

அந்த எண்ணுக்கு ‘வெயில் இறக்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். மேற்குச் சுவருக்கு முன்னால், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு மறைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மறைப்பின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் கதிர், சுவரைத் தொடுவதற்குள் எத்தனை அங்குலம் கீழே இறங்கியிருக்கும்? இரண்டு மணிக்கு 22 அங்குலம். மூன்று மணிக்கு 13. நான்கு மணிக்கு 8. ஐந்து மணிக்கு வெறும் 4. இவை சென்னையில் மே 15-ஐ ஒட்டிய நாட்களுக்கான கணக்கு. முன்னே பின்னே ஒரு மாதத்துக்குப் பெரிய மாற்றம் இருக்காது.

இனி வீட்டைக் கட்டிப் பார்ப்போம்.

அரை கிரவுண்டில் நான்கு வீடுகள்

சென்னையில் ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. அதில் பாதி 1200. இருபதுக்கு அறுபது என்ற மனை நகரின் எல்லாத் திசைகளிலும் கிடைக்கும். இரு பக்கமும் மூன்று மூன்று அடி விட்டால் வீட்டின் அகலம் 14 அடி. முன்னும் பின்னும் விட்டது போக நீளம் 45 அடி. தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் சேர்ந்து 20 அடி உயரம். எல்லா வீடுகளும் இதே அளவு என்று வைத்துக்கொள்வோம். மனையின் இருப்பிடம் மட்டும் மாறட்டும். கேள்வி ஒன்றுதான்: மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் எத்தனை சதுர அடி வெயில் விழுகிறது?

முதல் மனை மேற்குப் பார்த்தது. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்கே தெரிவது 14 அடி அகலமுள்ள முகப்பு மட்டும். எதிரே முப்பது அடிச் சாலை. இரு வீடுகளும் முன்னால் விட்ட பத்துப் பத்து அடியையும் சேர்த்தால் எதிர் வீடு 50 அடி தூரத்தில் நிற்கிறது. நான்கு மணிக்கு அடிக்கு 8 அங்குலம் என்றால் 50 அடிக்கு 400 அங்குலம், கிட்டத்தட்ட 33 அடி. வீடே 20 அடிதான். ஆகவே எதிர் வீட்டின் நிழல் நம்மைத் தொடவே இல்லை. முகப்பு முழுவதும், 280 சதுர அடியும், வெயிலில். ஐந்து மணிக்குக்கூட மேலிருந்து 16 அடிக்கு மேல் வெயில் இருக்கும்.

இரண்டாவது மனை கிழக்குப் பார்த்தது. இதற்கும் மேற்குச் சுவர் 14 அடிதான், ஆனால் அது வீட்டின் பின்பக்கம். பின்னால் இன்னொருவர் வீடு, முதுகோடு முதுகாக, நடுவே 10 அடி இடைவெளி. நான்கு மணிக்கு வெயில் 80 அங்குலம்தான் இறங்கும். சுவரின் மேல்பகுதியில் 93 சதுர அடி மட்டும் வெயில்படும்.

மூன்றாவது மனை தெற்குப் பார்த்தது. நீளம் வடக்குத் தெற்காக ஓடுகிறது. இப்போது மேற்கே இருப்பது 45 அடி நீளச் சுவர், மொத்தம் 900 சதுர அடி. பாடப்புத்தக விதிப்படி இது மோசமான மனை. நீண்ட சுவர்களை வடக்கும் தெற்குமாக வை, குட்டைச் சுவர்களைக் கிழக்கும் மேற்குமாக வை என்றுதான் எல்லாக் கட்டடக்கலைப் பாடமும் சொல்லும். ஆனால் மேற்குப் பக்கத்து மனையில் இதே உயரத்தில் ஒரு வீடு நிற்கிறது. அவர் விட்ட மூன்றடியும் நாம் விட்ட மூன்றடியும் சேர்ந்து ஆறடி இடைவெளி. நான்கு மணிக்கு வெயில் இறங்குவது 48 அங்குலம், அதாவது நான்கடி. 45-ஐ நான்கால் பெருக்கினால் 180 சதுர அடி. மேற்குப் பார்த்த முதல் வீட்டைவிட நூறு சதுர அடி குறைவு! தரைத்தளத்துக்குப் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு வெயிலே இல்லை. இரண்டு வீடுகளுக்கும் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. அந்த நான்கடியில் மூன்றடி நம் கைப்பிடிச் சுவரின் மீதே விழுந்துவிடும். அறையின் சுவருக்கு மிஞ்சுவது ஓரடி.

நான்காவது மனையும் தெற்குப் பார்த்ததுதான். மூன்றாவதற்கு அச்சு அசல் ஒன்று. மேற்குப் பக்கத்து மனை மட்டும் காலியாகக் கிடக்கிறது. இப்போது 900 சதுர அடியும் முழு வெயிலில். சதுர மீட்டருக்கு 500 வாட் என்ற கணக்கில், நான்கு மணிக்கு இந்தச் சுவர் வாங்கும் வெயில் சுமார் 42,000 வாட். நாற்பது இஸ்திரிப் பெட்டிகளைச் சுவர் முழுக்கச் சாய்த்து வைத்தது போல. இதில் ஒரு சிறு பங்குதான் உள்ளே வரும் என்றாலும், அந்தச் சிறு பங்கே வீட்டின் நீளம் முழுவதும் உள்ள ஒவ்வோர் அறையையும் இரவில் வேகவைக்கப் போதும்.

93, 180, 280, 900. இந்த வரிசையைப் பாருங்கள். மிகக் குறைவான இரண்டும் கிழக்குப் பார்த்தது, தெற்குப் பார்த்தது என்று வேறுவேறு திசை. தெற்குப் பார்த்த இரண்டில் ஒன்று இரண்டாமிடம், இன்னொன்று கடைசி. குறுகிய மனையில் வெயிலைத் தீர்மானிப்பது மனையின் வாசல் அல்ல. மேற்கே எத்தனை அடி தூரத்தில், எவ்வளவு உயரத்தில், என்ன நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. அகலமான மனையில் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே பக்கத்து வீடு தூரத்தில் இருக்கும், பாடப்புத்தக விதியே செல்லும். இருபதடி மனையில்தான் அயல்வீடு நம் வீட்டின் ஓர் உறுப்பு ஆகிறது.

இதைப் பழைய அக்கிரகாரத் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் வீடுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும். விதிப்படி நீண்ட சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. ஆனால் அவை பொதுச் சுவர்கள். ஒரு வீட்டின் மேற்குச் சுவரே அடுத்த வீட்டின் கிழக்குச் சுவர். இடைவெளி பூஜ்யம் என்பதால் வெயில் இறக்கமும் பூஜ்யம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் முற்றம். அந்த வரிசையை உடைத்து வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டுக் கட்டத் தொடங்கியபோது, பக்கச் சுவர்கள் முதன்முறையாக வெயிலுக்கு வெளியே வந்தன.

காற்று கேட்கும் விலை

பக்கத்து வீடு நிழல் தருகிறது என்றால் இடைவெளியை இன்னும் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கே காற்று குறுக்கே வருகிறது. ஈரப்பதம் மிகுந்த ஊரில் உடம்புக்கு ஆறுதல் தருவது வியர்வை உலர்வது. அதற்குத் தோலின் மீது காற்று ஓட வேண்டும். வெயிலைத் தடுத்துவிட்டுக் காற்றையும் தடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

சென்னையில் கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. ஆறடிச் சந்துக்குள் அது நுழைவதில்லை. அந்தச் சந்தைப் பார்த்து வைத்த சன்னல்கள் வெளிச்சத்துக்கு உதவும், காற்றுக்கு அதிகம் உதவாது. காற்று வர வேண்டியது வீட்டின் குட்டைப் பக்கங்கள் இரண்டின் வழியாகத்தான். ஒன்று நுழைவாயில், மற்றது வெளியேறும் வழி. வெளியேற வழி இல்லாவிட்டால் நுழையவும் நுழையாது.

இந்தக் கண்ணோட்டத்தில் தெற்குப் பார்த்த மனையை மறுபடி பாருங்கள். தென்கிழக்குக் காற்று தெற்கு முகப்பு வழியாக நுழைந்து வடக்குப் பின்பக்கம் வழியாக வெளியேறலாம். அந்தத் தெற்குச் சன்னலில் கோடை முழுவதும் நேர் வெயில் இல்லை. குளிர்காலத்தில் வரும் தெற்கு வெயிலை இரண்டடிச் சன்ஷேடு பெருமளவு தடுத்துவிடும், ஏனென்றால் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. வடக்குச் சன்னலுக்கும் அதே இரண்டடி போதும். ஜூன் 21 மாலை நான்கு மணிக்குக்கூட அது நான்கடி உயரச் சன்னலை ஏறக்குறைய முழுவதும் நிழலில் வைக்கும். சாஸ்திரம் பார்த்துத் தெற்குப் பார்த்த மனையை ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. வெயில், காற்று என்ற இரண்டை மட்டும் வைத்துச் சொன்னால், மேற்கில் மாடி வீடு நிற்கும் தெற்குப் பார்த்த மனை சென்னைக்கு மிக நல்ல மனை.

கிழக்குப் பார்த்த மனைக்குக் காற்று நேராக முகப்பில் வருகிறது. சிக்கல் பின்பக்கத்தில். மேற்குச் சுவரை வெயிலுக்குப் பயந்து முழுதாக அடைத்துவிட்டால் 45 அடி நீள வீட்டில் காற்று முன்னறையோடு நின்றுவிடும். மேற்கில் திறப்பு வேண்டும், வெயில் மட்டும் வரக் கூடாது. இதற்கு வழி உண்டு.

மேற்கு மூலையில் யாரைப் படுக்கவைப்பது?

மனை ஏற்கெனவே கையில் இருக்கிறது, மேற்கு முகம் வெயிலில்தான் இருக்கிறது என்றால், அடுத்த வேலை அறைகளை இடம் மாற்றுவது. மாடிப்படி, கழிவறை, துணி துவைக்கும் இடம், சாமான் அறை இவற்றில் யாரும் இரவில் படுப்பதில்லை. இவற்றை மேற்குச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தால் அவை வெப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளறைகளுக்கு அரணாக நிற்கும். இவற்றைத் ‘தாங்கு அறைகள்’ என்று சொல்லலாம். இவற்றுள் மாடிப்படி மிகச் சிறந்தது. அதன் உச்சியில் மாடிக்குப் போகும் ஹெட்ரூமில் மூடாத ஜாலி வைத்தால், சூடான காற்று அந்தப் படிக்கிணறு வழியாக மேலேறி வெளியே போய்விடும். கிழக்கே நுழைந்த கடற்காற்றுக்கு அதுவே வெளியேறும் வழியாகவும் ஆகிறது. நான்கு மணி வெயில் அந்த ஜாலியில் பட்டாலும் அங்கே சூடுபட யாரும் இல்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. கன்னி மூலை என்று தென்மேற்கில் பெரிய படுக்கையறை வந்து உட்கார்ந்துவிடுகிறது. 14 அடி அகல வீட்டில் அந்த அறை மேற்குச் சுவரில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பெரியவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றால், அறையை அங்கேயே வைத்துக்கொண்டு அதற்கு மேற்கே ஐந்தடியில் ஒரு பால்கனியோ படியோ வரும்படி பிளானைத் திருத்தச் சொல்லுங்கள். அறை தென்மேற்கிலேயே இருக்கும், வெயில் படும் சுவர் அதனுடையதாக இருக்காது. அதற்கும் இடமில்லையென்றால் அந்த ஒரு சுவரையாவது எலிப்பொறிக் கட்டு முறையில் கட்டலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்று அடைபட்ட வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை இது. கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கியது. செங்கல்லும் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். பழகாத மேஸ்திரி என்றால் ஒரு நாள் அருகில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சன்ஷேடு ஏன் மேற்கில் தோற்கிறது

வீடு கட்டுகிறவர்கள் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இரண்டடிச் சன்ஷேடு போடுகிறார்கள். தெற்கிலும் வடக்கிலும் அது வேலை செய்வதைப் பார்த்தோம். மேற்கில் கணக்கைப் போடுங்கள். நான்கு மணிக்கு அடிக்கு 8 அங்குலம், இரண்டடிக்கு 16 அங்குலம். நான்கடி உயரச் சன்னலில் மேலே 16 அங்குலம் நிழல், மீதி 32 அங்குலம் வெயில். ஐந்து மணிக்கு நிழல் எட்டே அங்குலம். முழுச் சன்னலையும் நான்கு மணிக்கு மறைக்க வேண்டுமானால் சன்ஷேடு ஆறடி நீள வேண்டும். அது சன்ஷேடு அல்ல, தாழ்வாரம்.

தாழ்ந்த சூரியனை மேலிருந்து மறைக்க முடியாது, முன்னால் நின்றுதான் மறைக்க வேண்டும். சூரியன் பிற்பகல் முழுவதும் ஒரே திசையில், மேற்கிலிருந்து 15 டிகிரி வடக்கே நிற்கிறது என்றேனே, அது இங்கே கைகொடுக்கிறது. சன்னலுக்கு வெளியே செங்குத்தான பலகைகளை வரிசையாக நிறுத்துங்கள். சுவருக்கு நேர்குத்தாக அல்ல, அவற்றின் வெளிமுனை தெற்குப் பக்கம் சாய்ந்து, இடைவெளிகள் தென்மேற்கைப் பார்க்கும்படி 45 டிகிரியில். சுவரிலிருந்து ஆறங்குலம் நீட்டம், பலகைக்குப் பலகை ஆறங்குலம் இடைவெளி. வடமேற்கிலிருந்து வரும் கோடை வெயிலுக்கு இந்த வரிசை முழுச் சுவர் போல அடைத்து நிற்கும். காற்றுக்கோ பாதை திறந்தே இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்குக்கு நகர்ந்தபின் கொஞ்சம் வெயில் நுழையும், அப்போது அது பெரிய தொல்லை இல்லை. பலகை சிமெண்டாக இருக்கத் தேவையில்லை. மெல்லிய பொருளாக இருந்தால் நல்லது, சூரியன் போனதும் சீக்கிரம் ஆறிவிடும்.

இவ்வளவுக்கு வசதி இல்லாதவர்கள் மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் தொங்கவிட்டாலே போதும். வெளிப்பக்கம் என்பதுதான் முக்கியம். உள்ளே கட்டும் திரைச்சீலை வெளிச்சத்தை மறைக்கும், வெப்பத்தைப் பெரிய அளவில் மறைக்காது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும்.

குற்றவாளி சுவரா, கூரையா?

ஓர் எச்சரிக்கை. மாடியறை சுடுகிறது என்றதும் மேற்குச் சுவரின் மீதே பழியைப் போடக் கூடாது. நம் 14-க்கு 45 வீட்டின் கூரை 630 சதுர அடி. அதன் மீது மே மாத நண்பகலில் விழுவது சதுர மீட்டருக்கு 900 வாட்டை ஒட்டி இருக்கும். மனையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூரைக்கு இது குறையாது. மேல்தளத்தில் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி கூரைதான்.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. இரவு ஒன்பது மணிக்கு மேல்தளத்தில் கிழக்கு அறைக்கும் மேற்கு அறைக்கும் போய் நில்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி அனலாக இருந்தால் அது கூரை. மேற்கு அறை மட்டும் தாங்க முடியாமல் இருந்தால் அது சுவர். தரைத்தளத்து மேற்கு அறையும் சுடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், சுவர்தான். கூரை என்று தெரிந்தால் வெள்ளைத் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ போடும் செலவுதான் முதலில். அதைச் செய்யாமல் மேற்கில் பலகை வரிசை வைத்துவிட்டு, ஒன்றும் குறையவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மனை பார்க்கப் போகும்போது

மனையை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பதுதான் நம் வழக்கம். காலையில் எல்லா மனையும் நன்றாகத்தான் இருக்கும். டிசம்பரில் மாலையில் போய்ப் பார்த்தாலும் ஏமாற்றம்தான். அப்போது சூரியன் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே மறைகிறது, ஜூனில் அதே அளவு வடக்கே மறைகிறது. டிசம்பரில் நிழல் தந்த பக்கத்து மரம் மே மாதத்தில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நான்கு மணிக்குப் போங்கள். எந்த வீட்டின் நிழல் மனையில் எதுவரை விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பருவத்தில் போக முடியாவிட்டால், வீடு வரப்போகும் இடத்திலிருந்து மேற்கே இருக்கும் கட்டடம் வரை அடியில் அளந்து, எட்டால் பெருக்குங்கள். கிடைக்கும் அங்குலமே மேற்குக் கட்டடத்தின் உச்சியிலிருந்து வெயில் கீழே இறங்கும் அளவு. மேற்கே காலி மனை என்றால் அங்கே வீடு வரும்வரை உங்கள் நீண்ட சுவர் வெயிலில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, வெள்ளைப் பூச்சுக்கும் தட்டிக்கும் கொடிப் பந்தலுக்கும் பணம் ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒற்றைத்தள ஓட்டு வீடு இருந்தால் உங்கள் மேல்தளத்துக்கு அது காலி மனை போலத்தான். மேற்குப் பார்த்த மனைதான் கிடைக்கிறது என்றால் வாசலில் ஒரு புங்கை மரம் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டு வேலை தொடங்கும் நாளிலேயே கன்றை நட்டுவிடுங்கள்.

பிறகு பிளான் போடுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் எத்தனை சதுர அடி வெயில் விழும்? அந்தச் சுவருக்கு உள்பக்கம் யார் படுக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் அவர் எண்ணையும் அறையின் பெயரையும் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.